மெரினா ஜெயித்தது, இடிந்தகரை ஏன் தோற்றது?

ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2014 மே 7-ல். 2015 பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு இல்லை. 2016 பொங்கலுக்கும் இல்லை. அப்போதும் தென்மாவட்டங்களில் எதிர்ப்பு இருந்தது, ஆனா சென்னை அசையவில்லை. மூன்றாவது பொங்கல் முடிந்த கையோடு, 2017 ஜனவரி 17-ல் மெரினாவில் உட்கார்ந்த கூட்டம் ஐந்தாம் நாள் ஒரு அவசரச் சட்டத்தையே வாங்கிவிட்டது. தடையும் அதே தடை, கோபமும் அதே கோபம். அப்புறம் 2017-ல் மட்டும் எப்படி?

சமூக இயக்கங்களைப் படிப்பவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். முதலாவது வளத் திரட்டல் கோட்பாடு. மெக்கார்த்தியும் ஸால்டும் 1977-ல் எழுதிய கட்டுரைதான் இதன் அடிப்படை. குறை எல்லாச் சமூகத்திலும் எப்போதும் இருக்கும், அதனால் குறையை வைத்து மட்டும் போராட்டத்தை விளக்க முடியாது என்பது அவர்கள் வாதம். பணம், ஆள், நேரம், அமைப்பு, தகவல் தொடர்பு இவையெல்லாம் சேரும்போதுதான் குறை இயக்கமாகிறது. இரண்டாவது அரசியல் வாய்ப்புக் கோட்பாடு. ஐசிங்கர் 1973-லும் மெக்ஆடம் 1982-லும் இதை வளர்த்தார்கள். இவர்கள் போராடுபவரின் பையைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் அரசைப் பார்க்கிறார்கள். ஆள்பவர்களுக்குள் பிளவு இருக்கிறதா? மேலே யாராவது கூட்டாளி உண்டா? அடக்குவதற்கு அரசு தயாரா?

மெரினாவுக்கு வளத் திரட்டல் விளக்கம் முதல் பார்வையில் நன்றாகப் பொருந்தும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இலவச டேட்டா 2017 மார்ச் வரை ஓடியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோன இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பழகிய வலையாக இருந்தன. தரமணி வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. ஊழியர்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். இதற்கு முன் தெருவுக்கு வராதவர்கள் பலர். கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தது. 2015-ல் இல்லாத வளம் 2017-ல் இருந்தது, கதை முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

இடிந்தகரையைப் பக்கத்தில் வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் 2011-ல், புகுஷிமா விபத்துக்குப் பிறகு, பெரிதாக எழுந்தது. வளம் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் இப்படி ஒரு இயக்கம் அபூர்வம். அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் என்று ஒரு அமைப்பு, சுப. உதயகுமாரன் என்று ஒரு முகம், கூட்டம் நடத்த லூர்து மாதா கோயில் வாசல், ஊர்க் கமிட்டிகள், தங்கள் வருமானத்தில் பங்கு கொடுத்த மீனவர்கள், பீடி சுற்றிய காசில் கொடுத்த பெண்கள். 1980-களின் கடைசியிலிருந்தே எதிர்ப்பு அனுபவமும் இருந்தது. மெரினா ஆறு நாள் என்றால், இவர்கள் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். ஆனாலும் 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது. வளம் அதிகம் இருந்தவர்கள் தோற்றார்கள், ஒரு தலைவர்கூட இல்லாத கூட்டம் ஜெயித்தது.

வாய்ப்புப் பக்கம் திரும்பினால் விஷயம் தெளிகிறது. இடிந்தகரைக்கு ஒரே ஒரு கதவு கொஞ்ச நாள் திறந்திருந்தது. 2011 செப்டம்பர் 22-ல் ஜெயலலிதாவின் அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தச் சொல்லி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாளே, மார்ச் 19-ல், அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. மாநிலம் மின்வெட்டில் தவித்த காலம், அதனால் மற்ற மாவட்டங்களின் அனுதாபமும் மெல்லியதுதான். எதிர்க்கட்சியான திமுகவோ மத்திய ஆட்சியில் பங்காளி. மத்திய அரசுக்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம். 2012 செப்டம்பர் 10-ல் கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றமும் உலைக்கு அனுமதி கொடுத்தது.

2017 ஜனவரியில் நிலைமை தலைகீழ். ஜெயலலிதா இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. முதல்வர் நாற்காலியில் ஓ. பன்னீர்செல்வம், கட்சி சசிகலா கையில். இருவரில் யார் முதல்வர் என்ற சண்டை அடுத்த மாதமே வெடித்தது. அப்படிப்பட்ட ஆட்சி லட்சக்கணக்கான இளைஞர்கள் மேல் தடியைத் தூக்கத் தயங்கியது. தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. மத்திய அரசோ 2016 ஜனவரியிலேயே ஜல்லிக்கட்டுக்கு விலக்களித்து ஒரு அறிவிக்கை போட்டு, அதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. அதாவது மேலே ஏற்கெனவே ஒரு கூட்டாளி.

இந்தக் கூட்டாளி ஏன் அவசியம்? மிருகவதைத் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம். பொதுப்பட்டியல் விஷயத்தில் அதற்கு முரணாக மாநிலம் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டுமானால், டெல்லியின் இசைவு வழியாகத்தான் போக வேண்டும். ஜனவரி 19-ல் பன்னீர்செல்வம் பிரதமரைப் பார்த்தார், 21-ல் ஆளுநர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். 23-ல் சட்டமன்றத்தில் மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அதே சமயத்தில், சில நாள் இடைவெளியில், இதே சட்டமன்றம் நீட் விலக்கு மசோதாக்களையும் நிறைவேற்றி இதே வழியில் டெல்லிக்கு அனுப்பியது. அவற்றுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பரில் மாணவி அனிதாவின் மரணத்துக்குப் பிறகு மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஃபோன்கள், அதே தலைமுறை. ஆனா இந்தத் தடவை மெரினாவில் போலீஸ் முன்கூட்டியே நின்றது, கூட வந்தவர்களைக் கைது செய்தது. வளம் எட்டு மாதத்தில் வற்றிவிடவில்லை, கதவுதான் மூடியிருந்தது.

அப்படியானால் வாய்ப்புக் கோட்பாடு ஜெயித்துவிட்டதா? வெற்றி தோல்வியை விளக்குவதில், ஆமாம் என்றே நினைக்கிறேன். ஆனா அதற்கு ஒரு நோய் உண்டு. ஜெயித்த போராட்டத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் ஏதாவது ஒரு கதவு திறந்திருந்ததாகத் தோன்றிவிடும். அதைத் தவிர்க்க ஒரு வழி, முடிவைப் பார்ப்பதற்கு முன்பே கதவு எது என்று பெயர் சொல்லி, தேதி போட்டுவிடுவது. பிறகு அதே கதவு வேறொரு கோரிக்கைக்கு எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்பது. மேலே நீட் மசோதாவை இழுத்தது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதவு திறந்திருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. 1979 ஈரான் புரட்சியை ஆராய்ந்த கர்ஸ்மன், அரசு பலமாகத்தான் இருந்தது, மக்கள்தான் தங்கள் பக்கம் பலம் என்று நம்பினார்கள் என்று காட்டினார். மெரினாவில் உட்கார்ந்த மாணவர் அதிமுகவின் உட்கட்சிக் கணக்கைப் போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவர் பார்த்தது, முதல் இரவு போலீஸ் கலைக்கவில்லை என்பதை. கையிலிருந்த ஃபோன் அதை மறுநாள் காலைக்குள் ஊரெல்லாம் காட்டிவிட்டது. அந்த இடத்தில் இரண்டு கோட்பாடும் ஒன்றுக்கொன்று வேலை செய்கின்றன: கதவு திறந்த செய்தியைக் கொண்டுபோனது வளம்தான்.

அதனால் என் கணக்கு இது. கூட்டம் எவ்வளவு வேகமாக, எந்த வடிவத்தில் சேர்ந்தது என்று கேட்டால் ஜியோவையும் வெள்ளக்கால வாட்ஸ்அப் குழுக்களையும் பாருங்கள். கேட்டது கிடைத்ததா என்று கேட்டால், அதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அன்றைக்கு அவருக்கு மறுப்பதால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். 2012 மார்ச் 19-ல், இடைத்தேர்தல் முடிந்த மறுநாள், இடிந்தகரையை மறுப்பதால் சென்னையில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.