503-இல் இருந்து 247 போனா 356?

போன வாரம் அக்கா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. மூணாம் வகுப்பு படிக்கிற அவ பொண்ணோட கழித்தல் தாள். ஏழு கணக்குல மூணு தப்பு. ஓரத்துல சிவப்பு மையில 'கவனக்குறைவு'ன்னு எழுதியிருந்தது.

எனக்கு அதுல சந்தேகம். கவனக்குறைவுன்னா தப்பு இங்கொண்ணும் அங்கொண்ணுமா சிதறியிருக்கணும். அதனால தப்பான விடைகளை மட்டும் சரியான விடைக்குப் பக்கத்துல எழுதிப் பார்த்தேன்.

503 − 247 = 356 (சரி: 256)
602 − 358 = 344 (சரி: 244)
705 − 429 = 376 (சரி: 276)

மூணுலயும் சரியா 100 அதிகம்! தற்செயலா இப்படி வராது.

மூணு கணக்குலயும் மேல் எண்ணோட நடுவுல பூஜ்யம் இருக்கு. அப்போ பூஜ்யம்தான் பிரச்சினையா? இல்லை. 408 − 136 = 272-ன்னு அதே தாள்ல சரியா போட்டிருக்கா. அங்கே 8-ல இருந்து 6 தாராளமா போகும். பூஜ்யத்துக்கிட்ட கடன் கேட்க வேண்டியதில்லை. 52 − 38 மாதிரி சாதாரணமா கடன் வாங்குற கணக்கும் சரிதான். ஆக, பூஜ்யத்துக்கிட்ட கடன் வாங்கும்போது மட்டும்தான் தடுமாறுறா.

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பூஜ்யத்தை அடிச்சு மேல 9 போட்டிருக்கா. பக்கத்துல இருக்கிற 5 அப்படியே இருக்கு. 'பூஜ்யம் 9 ஆகும்'னு ஞாபகம் வச்சிருக்கா. அதுக்காக நூறுகள் இடத்துல ஒண்ணு குறையணும்ங்கிறது விட்டுப்போச்சு.

என் ஊகம் சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? புதுக் கணக்கு கொடுத்து, அவ போடுறதுக்கு முன்னாடியே தப்பு விடையைச் சொல்லிப் பார்க்கணும். 800 − 345. சரியான விடை 455, அவளோட முறைப்படி 555. போன்ல கேட்டேன். "555, சித்தி!"ன்னா, ரொம்ப உறுதியா.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க. பல குழந்தைகள் விதியை மறக்கிறதில்லை. தப்பான ஒரு விதியை ஒழுங்கா கடைப்பிடிக்கிறாங்க.

அப்புறம் காசை வச்சு விளக்கினேன். 503 ரூபாய்னா அஞ்சு நூறு ரூபாய் நோட்டு, மூணு ஒரு ரூபாய்க் காசு. பத்து ரூபாய் நோட்டே கிடையாது. ஒரு நூறை மாத்தினா நாலு நூறும் பத்து பத்தும். அதுல ஒரு பத்தை மாத்தினா ஒன்பது பத்து, பதிமூணு காசு. "ஓ, அந்த 9 நூறுல இருந்து வந்ததா!"ன்னா.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரே ஒரு தப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. 503 − 247-க்கு 344-ன்னு எழுதுற குழந்தையும் உண்டு. அது எந்த இடத்துலயும் பெரிய இலக்கத்துல இருந்து சின்னதைக் கழிக்குது; அதுக்கு வேற விளக்கம் வேணும். குறைஞ்சது மூணு தப்பாவது ஒரே பக்கம் கை காட்டணும். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ரப்பர் போட வேண்டாம்னு சொல்லுங்க. நமக்குத் தேவையானது அந்த அடிச்சுத் திருத்தின இலக்கங்கள்லதான் இருக்கு.