மூன்று நிமிட வரவேற்புரை

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் தலைமை, முன்னிலை என்ற வரிகளை அடுத்து வருவது வரவேற்புரை. தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, குத்துவிளக்கு ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒலிபெருக்கியில் கேட்கும் முதல் பேச்சு அதுதான். பள்ளியின் சார்பில் ஒருவர் எழுந்து, வந்தவர்களை வாய் நிறைய வரவேற்பதே அதன் வேலை. ஓராண்டில் பள்ளி என்ன செய்தது என்பதை ஆண்டறிக்கை சொல்லிக்கொள்ளும். உதவியவர்களுக்கு நன்றி சொல்ல நன்றியுரை இருக்கிறது. அடுத்தடுத்த நிகழ்ச்சிகளை அறிவிக்கத் தொகுப்பாளர் இருக்கிறார். இவர்கள் வேலையில் கை வைக்காமல் வரவேற்பை மட்டும் செய்தால் மூன்று நிமிடம் தாராளமாகப் போதும்.

ஆனால் பல பள்ளிகளில் இந்த உரை கால் மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. பேசுபவர் அதிகம் பேசுவதால் மட்டும் அப்படி ஆவதில்லை. மேடையில் இருப்பவர்களின் பெயர்களை இரண்டு முறை சொல்வதே முக்கியக் காரணம். முதலில் அவையை விளிக்கும்போது ஒவ்வொருவரையும் பதவியோடும் பெயரோடும் 'அவர்களே' என்று அழைக்கிறார்கள். பிறகு அதே வரிசையில் ஒவ்வொருவரையும் 'வருக வருக என வரவேற்கிறேன்' என்று மறுபடியும் சொல்கிறார்கள். மேடையில் பதினோரு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதவியும் பெயருமாக ஒருவரை விளிக்க ஆறு விநாடி ஆகும். வரவேற்பு வாக்கியத்துக்குப் பத்து விநாடி. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று நிமிடம் பெயர்களிலேயே போய்விடும். ஒவ்வொரு பெயருக்கும் பொன்னாடை போர்த்தி, புகைப்படக்காரருக்காகத் திரும்பி நிற்பதும் சேர்ந்தால் ஆளுக்கு அரை நிமிடம் கூடும். கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் பின்னால் நிற்கும் பெற்றோரையும் பற்றிப் பேச இடமே இருக்காது. விழா யாருக்காக நடக்கிறதோ அவர்களுக்குக் கடைசியில் ஒற்றை வரி மட்டும் மிஞ்சுவது பெரிய குறை.

இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. அவையை விளிப்பதை 'அனைவருக்கும் மாலை வணக்கம்' என்ற அளவில் நிறுத்திவிட்டு, மேடையில் உள்ளவர்களை ஒரே ஒரு முறை, வரவேற்கும் இடத்தில் மட்டும் சொல்வதுதான் அது. ஒவ்வொரு பெயருக்கும் தனி வாக்கியம் தேவையில்லை. 'அவர்களையும், அவர்களையும்' என்று அடுக்கிக்கொண்டு போய், முடிவில் ஒரே வினைச்சொல்லால் கட்டிவிடலாம். தமிழ் வாக்கியம் அதற்கு இயல்பாகவே இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் இரண்டு விநாடி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் பெயர் சொல்லப்பட்டவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுவார். நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போனால் அவர் கை கூப்பும்போது கைதட்டல் வேறொருவருக்குப் போய்ச் சேரும். பொன்னாடையோ புத்தகமோ கொடுப்பதை வரவேற்புரை முடிந்ததும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வரிசையில் பெயர் சொல்வது என்பது சில ஊர்களில் மனத்தாங்கல் வரைக்கும் போகிற விஷயம். அழைப்பிதழில் அச்சான வரிசையை அப்படியே பின்பற்றினால் பேசுபவர் மேல் பழி வராது. விழா தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அழைப்பிதழை வைத்துக்கொண்டு யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் தமக்குப் பதிலாக ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று சரிபார்க்க வேண்டும். தலைப்பெழுத்தும் பதவியும் அவரவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வது பாதுகாப்பு. போன ஆண்டு அழைப்பிதழைப் பார்த்து எழுதிவிட்டு, மாறுதலில் போய்விட்ட அலுவலரின் பெயரைப் புதியவர் முன்னால் வாசித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஓர் எடுத்துக்காட்டாக, காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விழா பிப்ரவரி மாதம், மாலை ஐந்தரை மணிக்கு. சம்பா அறுவடை முடிகிற நேரம். விழாத் தலைவர் வட்டாரக் கல்வி அலுவலர். சிறப்பு விருந்தினர் இதே பள்ளியில் படித்து இப்போது அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பெண். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், தலைமை ஆசிரியர் ஆகியோர் மேடையில் இருக்கிறார்கள். வரவேற்பவர் பட்டதாரி ஆசிரியை ஒருவர். அவரது உரை இப்படித் தொடங்கலாம்:

"அனைவருக்கும் மாலை வணக்கம். நமது விழாவுக்குத் தலைமை ஏற்க வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களையும், இந்தப் பள்ளி வேப்பமரத்தடியில் படித்து, இன்று எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்து மனத்தைத் தேற்றும் செவிலியராக நம் முன் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களையும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களையும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களையும், எங்கள் தலைமை ஆசிரியர் அவர்களையும் வருக வருக என வரவேற்கிறோம்."

பதவியை அடுத்துப் பெயர்கள் வரும். சிறப்பு விருந்தினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொடர் தரப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். எல்லோருக்கும் அடைமொழி சேர்த்தால் அது புகழுரை ஆகிவிடும். ஒருவரைப் பற்றிச் சொல்லும் ஓர் உண்மையான விவரம் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வைக்கும். 'கல்விக் கண் திறந்த', 'அயராது உழைக்கும்' போன்ற தொடர்கள் எந்த மேடைக்கும் எந்த ஆளுக்கும் பொருந்துவதால் அவற்றைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது பெற்றோர். உரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 'பெற்றோர்களே, பெரியோர்களே' என்று பொதுவாக அழைப்பதைவிட, அன்று அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்வது அதிகம் தொடும்:

"இது அறுப்புக் காலம். களத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வந்த கையோடு பிள்ளைக்குத் தலை பின்னி, பூ வைத்து, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அப்பா அம்மா வெளியூரில் வேலையில் இருக்க, பேரப்பிள்ளை ஆடுவதைப் பார்க்கத் தாத்தாக்களும் அப்பாயிகளும் வந்திருக்கிறீர்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாருங்கள், ஜமுக்காளம் விரித்திருக்கிறது. இது உங்கள் வீட்டு விழா. உங்கள் எல்லோரையும் மனமார வரவேற்கிறோம்."

முன்னால் வந்து உட்காரச் சொல்லும் அந்த வரி வெறும் அறிவிப்பு போலத் தெரிந்தாலும் உண்மையான வரவேற்பு அதுதான். பள்ளிக்குள் வரத் தயங்கி மதில் ஓரமாக நிற்கும் பெற்றோர் பலர் உண்டு. மேடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் அவர்கள் வந்து உட்காருவார்கள். அவர்கள் அமர்ந்து முடிக்கும் வரை பேசுபவர் காத்திருப்பது அழகு.

ஆசிரியர்களை வரவேற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் விருந்தினர் அல்லர், விருந்து படைப்பவர்கள். அதனால் குறுவள மையத்தைச் சேர்ந்த பிற பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களை வரவேற்றுவிட்டு, தம் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்: "பள்ளி விட்ட பிறகும் இருந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் அடி சொல்லிக் கொடுத்த எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் உங்களை வரவேற்க வாசலில் நிற்கிறார்கள்." சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரையும் இதே மூச்சில் சேர்க்க வேண்டும். இவர்கள் பெயர் பெரும்பாலும் நன்றியுரையில்தான் வரும். அதற்குள் கூட்டம் பாதி கலைந்திருக்கும்.

பிள்ளைகளிடம் பேசும்போது பேச்சின் நடை மாறலாம், மாறவும் வேண்டும். அங்கே 'மாணவச் செல்வங்களே' என்பது அவர்கள் காதில் விழாத சொல். "மேடைக்குப் பின்னால் முண்டாசு கட்டி, மை மீசையோடு நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பாரதிகளே, உங்கள் முறை வரும் வரைக்கும் மீசையைத் தொடாதீர்கள்" என்றால் பின்னாலிருந்து சிரிப்பு கேட்கும், முன்னால் இருக்கும் தாய்மாரும் சிரிப்பார்கள். ஆடாத, பாடாத பிள்ளைகளை மறக்கக் கூடாது. எந்தப் பள்ளியிலும் அவர்கள்தான் மிகுதி. "காலையிலிருந்து நாற்காலி தூக்கி, தோரணம் கட்டி, வாசலில் கோலம் போட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, இந்த மேடை உங்கள் கைவேலை" என்று ஒரு வரி சொன்னால், அவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அன்றைய விழாவில் இருக்கும்.

இவ்வளவும் சேர்ந்து 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். திறந்தவெளி மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 அல்லது 90 சொல்தான் போகும். கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் எதிர்க் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். வேகமாகப் பேசினால் ஒரு வாக்கியத்தின் வால் அடுத்த வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொண்டு, பின்வரிசைக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். எனவே வாக்கியங்கள் சிறியனவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மூச்சு விட வேண்டும். வீட்டில் மனத்துக்குள் படித்துப் பார்த்தால் நேரம் குறைவாகவே தெரியும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். பெயர்களையும் பதவிகளையும் மட்டும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பார்க்காமல் பேசுவது நன்றாக அமையும். மனப்பாடம் செய்த பெயர்கள்தான் மேடையில் முதலில் மறக்கும்.

உரை நீண்டுவிட்டதா என்பதைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் சொல்லிவிடும். முதலில் கிசுகிசுப்பு, பிறகு ஒருவரை ஒருவர் தள்ளுவது, பிறகு ஆசிரியர் ஒருவர் எழுந்து 'உஷ்' என்பது. அந்த 'உஷ்' கேட்டுவிட்டால் மிச்சத்தை விட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிட வேண்டும். விடுபட்ட பெயர் ஏதேனும் இருந்தால் தொகுப்பாளர் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார். அதைத் தயக்கமில்லாமல் வாசித்து வரவேற்றுவிடலாம், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது வழக்கமான சங்கடம். அவருக்காகக் காத்திருந்து பிள்ளைகளை இருட்டும் வரை வேடத்தோடு நிறுத்தி வைப்பது கொடுமை. குறித்த நேரத்தில் தொடங்கிவிடலாம். உரைக்கு நடுவில் அவர் வந்தால் எடுத்த வாக்கியத்தை முடித்து, அவர் மேடை ஏறி அமரும் வரை நிறுத்தி, பெயர் சொல்லி வரவேற்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உரை முடிந்த பிறகு வந்தால் தொகுப்பாளரே இரண்டு வரியில் வரவேற்றுக்கொள்வார். வரவேற்பவர் மறுபடி ஒலிபெருக்கிக்கு வரத் தேவையில்லை. கடைசி வாக்கியம் அடுத்தவரை அழைப்பதாக இருந்தால் இடையில் தொய்வு விழாது: "இப்போது நம் பள்ளியின் ஆண்டறிக்கையை வாசிக்கத் தலைமை ஆசிரியர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்."