உங்களுக்குத் தெரியுமா? – கரியின் சூடு எங்கே போகிறது?

● தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் தலா 210 மெகாவாட் திறனில் கட்டப்பட்டவை. இந்த ரக அலகு ஒன்று முழு வீச்சில் ஓடும்போது, ஜெனரேட்டர் தருவது 210 மெகாவாட் மின்சாரம். அதே நேரத்தில் குளிர்விக்கும் நீரில் அது கொட்டுகிற வெப்பம் ஏறக்குறைய 280 மெகாவாட். விற்கிற சரக்கைவிடக் கழிவே அதிகம்!

● நம் நாட்டு நிலக்கரி ஒரு கிலோவை எரித்தால் சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் 860 கிலோ கலோரி. அப்படியானால் கிலோவுக்கு நான்கு யூனிட் வர வேண்டுமே? வருவது சுமார் 1.5 யூனிட்தான். அதிலும் நிலையத்தின் சொந்தப் பம்புகளும் விசிறிகளும் கரி அரைக்கும் மில்களும் எடுத்துக்கொண்டது போக, வெளியே வருவது சுமார் 1.4.

● பழியைப் புகைபோக்கியின் மேல் போடுவதுதான் வழக்கம். அது அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. கரியின் வெப்பத்தில் 86, 87 சதவீதத்தை பாய்லர் நீராவிக்குள் ஏற்றிவிடுகிறது. புகை 130, 140 டிகிரியில் வெளியேறுவது உண்மைதான். அதை இன்னும் ஆறவிட்டால் புகையிலுள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கருவியின் தகடுகளை அரித்துவிடும். அதனால்தான் அந்தச் சூட்டோடு விட்டுவிடுகிறார்கள்.

● பெரிய இழப்பு கண்டென்சரில். 540 டிகிரியில் டர்பைனுக்குள் நுழையும் நீராவி, வேலையை முடித்து வெளியே வரும்போது வெறும் 45 டிகிரி. அழுத்தமும் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். ‘இதில் என்ன சூடு மிச்சம் இருக்கப்போகிறது?’ என்று தோன்றும். ஆனால் அது இன்னும் ஆவி. ஒவ்வொரு கிலோவும் நீராக மாற 500 கிலோ கலோரிக்கு மேல் விட்டாக வேண்டும். மணிக்கு சுமார் 450 டன் ஆவி இப்படி நீராகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள மணிக்கு 27,000 டன் நீர் கண்டென்சர் குழாய்களில் ஓடி, ஒன்பது டிகிரி சூடேறி வெளியேறுகிறது.

● ‘அந்த ஆவியை நீராக்காமல் அப்படியே பாய்லருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன?’ நல்ல கேள்வி. 45 டிகிரியில் ஒரு கிலோ ஆவி சுமார் 15 கன மீட்டர் இடத்தை அடைக்கும். நீரானால் ஒரே லிட்டர். நீரை பாய்லரின் அழுத்தத்துக்குத் தள்ள, உற்பத்தியில் இரண்டு மூன்று சதவீதம் போதும். ஆவியாகவே அமுக்கித் தள்ளினால், டர்பைன் ஈட்டியது முழுவதும் அதற்கே போய்விடும், அப்போதும் போதாது.

● உராய்வே இல்லாத டர்பைன் கிடைத்தாலும் தப்ப முடியாது. வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதற்கு இரண்டு வெப்பநிலைகளே எல்லை என்று பிரெஞ்சுக்காரர் சாடி கார்னோ 1824-லேயே காட்டிவிட்டார். 540 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையே அந்த எல்லை 61 சதவீதம். நடைமுறையில் வெப்பம் முழுவதும் 540 டிகிரியில் ஏறுவதில்லை. நீர் கொதிப்பதே 340 டிகிரி வாக்கில்தான், அதற்கு முன் அதைச் சூடாக்குவது இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில். அதோடு டர்பைனின் உள் இழப்புகளும் சேர்ந்து, நீராவிக்குள் ஏறிய வெப்பத்தில் மின்சாரமாவது சுமார் 43 சதவீதம்.

● கண்டென்சரின் வெற்றிடம் குறைந்தால் அதே கரிக்கு மின்சாரம் குறையும். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடினால், நீரோட்டம் குறைந்திருக்கிறது. வெளியேறும் நீருக்கும் ஆவிக்கும் உள்ள இடைவெளி கூடினால், குழாய்களில் அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிந்து உள்ளே புகுகிறது. இரண்டும் மாறாமல் வெற்றிடம் மட்டும் குறைந்தால், வரும் கடல்நீரே சூடாக இருக்கிறது. கோடையில் இது சாதாரணம். பொறியாளரைத் திட்டிப் பயனில்லை.

● டென்மார்க்கின் நோர்ட்யூலாண்ட் நிலையத்தின் மூன்றாம் அலகு, 1998-ல் ஓடத் தொடங்கியபோது, கரியின் வெப்பத்தில் 47 சதவீதம் வரை மின்சாரமாக்கியது. மிக உயர்ந்த அழுத்தமும் குளிர்ந்த கடலும் அதற்குக் கைகொடுத்தன. பக்கத்து ஆல்போர்க் நகர வீடுகளுக்குச் சூடேற்றும் நீரையும் அது அனுப்பியது. ஆனால் அந்த நீர் 45 டிகிரி ஆவியில் கிடைக்காது. இன்னும் வேலை மிச்சமிருக்கும் சூடான ஆவியை இடையிலேயே டர்பைனிலிருந்து உருவ வேண்டும். அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். வீட்டைச் சூடாக்கும் தேவை யாருக்கும் இல்லாத ஊரில் இந்த வழி கட்டுப்படியாகாது.