அச்சில் தெரியும் ஆட்டம்

த்ரீ-டி பிரிண்டரில் அச்சிட்ட ஒரு டப்பாவை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூலையில் தொடங்கி, பக்கச் சுவரில் மெல்லிய மேடுபள்ளங்கள் வரிசையாக ஓடி, கொஞ்ச தூரத்தில் மங்கி மறையும். சுவரில் ஓர் எழுத்து புடைத்திருந்தால், அதன் பக்கத்திலேயே அதே எழுத்தின் மங்கலான நகல் தெரியும். இந்த வேலையில் இருப்பவர்கள் இதை ரிங்கிங் என்றும் கோஸ்டிங் என்றும் சொல்கிறார்கள். பழி உடனே மேசைமேல்தான் விழுகிறது. பல சமயம் மேசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சில சமயம் மேசைதான் காரணம், ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல.

வீடுகளிலும் சிறு கடைகளிலும் அதிகம் இருப்பது, தட்டு முன்னும் பின்னும் ஓடும் வகை பிரிண்டர். உருகிய பிளாஸ்டிக்கை வடிக்கும் முனை இடமும் வலமும் ஓட, பொருள் ஒட்டியிருக்கும் தட்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒரு மூலை வரும்போது தட்டு சட்டென்று நின்றாக வேண்டும். அதை இழுப்பது ரப்பர் பெல்ட். அதற்குக் கொஞ்சம் இழுபடும் குணம் உண்டு. நின்ற தட்டு அந்த இழுவையில் முன்னும் பின்னும் துடிக்க, அதற்குள் முனை அடுத்த பக்கத்தை வரையத் தொடங்கிவிடுகிறது. அந்தத் துடிப்பு அப்படியே சுவரில் பதிகிறது. தட்டின் துடிப்பு பொருளின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தெரியும். முனையின் துடிப்பு இடது வலது பக்கங்களில் தெரியும்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த மேடுகளின் இடைவெளியே சொல்லும். வெளிச்சுவர் நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் அச்சானதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு மேடுகளுக்கு இடையே 1.25 மி.மீ. இருந்தால், 50-ஐ 1.25-ஆல் வகுங்கள்: நொடிக்கு 40 துடிப்பு. இந்த வகை எந்திரங்களின் பெல்ட்டும் சட்டமும் துடிக்கும் வேகம் பெரும்பாலும் இந்த ஊர்தான். நொடிக்கு 30-லிருந்து 80 வரை இருக்கும். ஒல்லிக்கால் மேசையோ இதைவிட மிக மெதுவாக, நொடிக்கு ஏறக்குறைய 5 தடவைதான் ஆடும். அது சுவரில் பதிந்தால் மேடுகளின் இடைவெளி 10 மி.மீ. ஆகிவிடும். ஆகவே மூலையை ஒட்டி நெருக்கமாக இருக்கும் வரிகளுக்கு மேசையை மாற்றிப் பயனில்லை. அங்கே பெல்ட்டின் இறுக்கத்தையும், எந்திரம் வேகமெடுக்கும் அளவையும்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். அதே பொருளை இரண்டு மடங்கு வேகத்தில் அச்சிடுங்கள். இடைவெளியும் இரண்டு மடங்கானால் அது துடிப்பு. வேகம் மாறியும் இடைவெளி மாறாமல் 2 மி.மீ.யிலேயே நின்றால், பெல்ட்டின் பற்களைச் சந்தேகப்படுங்கள். இந்த எந்திரங்களில் பெரும்பாலும் வரும் பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளிதான்.

சரி, மேசை கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறது, அச்சு மட்டும் எப்படி நன்றாக வருகிறது? மேசை ஆடும்போது முனையும் தட்டும் சேர்ந்தே ஆடுகின்றன. அச்சைக் கெடுப்பது, முனைக்கும் தட்டுக்கும் இடையே ஏற்படும் வித்தியாசம் மட்டும்தான். நொடிக்கு 5 தடவை ஆடும் மேசைமேல், நொடிக்கு 40 தடவை துடிக்கக்கூடிய எந்திரம் இருந்தால், மேசையின் ஆட்டத்தில் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்குதான் அந்த வித்தியாசமாக மாறும். ஐந்துக்கு நாற்பது எட்டு மடங்கு. எட்டை எட்டால் பெருக்கினால் வருவதுதான் இந்த 64. மேசை 1 மி.மீ. ஆடினாலும் சுவரில் பதிவது 0.016 மி.மீ. பளபளப்பான பிளாஸ்டிக்கில் கூர்ந்து பார்த்தால் தெரியலாம். மங்கலான நிறத்தில் தெரியாது.

மேசையின் ஆட்டம் எந்திரத்தின் துடிப்பை நெருங்க நெருங்க இந்தக் கணக்கு மோசமாகிறது. நொடிக்கு 20 தடவை அதிரும் ஓர் அலமாரித் தட்டின்மேல் அதே எந்திரத்தை வைத்தால், ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அச்சுக்குப் போய்ச் சேரும். வெறும் 0.1 மி.மீ. அதிர்ந்தாலே 0.03 மி.மீ.க்குமேல் பதியும். தள்ளிப் பார்த்தால் அசையாதது போலிருக்கும் மெல்லிய பலகை, தளதளவென்று ஆடும் மேசையைவிட அதிகம் கெடுக்கும் என்பது இதனால்தான். சுவரில் இரண்டு பிராக்கெட் அடித்து அதன்மேல் போட்ட ஒட்டுப்பலகை இதற்கு நல்ல உதாரணம். துணி துவைக்கும் எந்திரமும் இதே ரகம். நிமிடத்துக்கு 1,200 சுற்று பிழிகிறது என்றால் நொடிக்கு 20 அதிர்வு. அதை ஒட்டிய மேசையில் பிரிண்டர் இருந்தால், பிழியும் நேரத்தில் அச்சான அடுக்குகள் மட்டும் ஒரு பட்டையாகக் கரடுமுரடாக இருக்கும். கீழும் மேலும் வழவழப்பு, நடுவில் மட்டும் பட்டை என்றால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் மேசை செய்யும் பெரிய கெடுதல் அதிர்வு அல்ல, முறுக்கு. அலுமினியச் சட்டங்களைத் திருகி இணைத்த எந்திரம், மேசையின் வடிவத்துக்குத் தானும் வளைந்துகொள்ளும். மேசைப் பலகை நடுவில் தொய்ந்திருந்தாலும், ஒரு மூலை தாழ்ந்திருந்தாலும், எந்திரத்தின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் உட்காராது. அப்போது தட்டு ஓடும் சட்டம் ஒரு பக்கமும், முனை ஓடும் சட்டம் இன்னொரு பக்கமும் திருகி நிற்கும். தட்டின் உயரத்தை அளக்கும் உணரி உங்கள் எந்திரத்தில் இருந்தால், அது காட்டும் படத்தில் இது அப்பட்டமாகத் தெரியும்: எதிரெதிர் மூலைகளில் ஒரு ஜோடி மேடு, மற்ற ஜோடி பள்ளம். தட்டே கோணலாகிவிட்டது என்று நினைத்துப் பலர் புதுத் தட்டு வாங்குகிறார்கள். அதற்குமுன் எந்திரத்தைச் சமையலறை கிரானைட் மேடைக்கு மாற்றி ஒருமுறை அளந்து பாருங்கள். மூலைகள் சமமாகிவிட்டால் குற்றம் மேசையுடையது.

உணரி இல்லாதவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அதைச் செருகிப் பாருங்கள். மூன்று காலில் பிடித்து ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்தக் கால் தொங்குகிறது. பிறகு எதிரெதிர் மூலைகளில் கைவைத்து மாறிமாறி அழுத்துங்கள். டக் டக்கென்று தட்டினால், தட்டு ஓடும் ஒவ்வொரு தடவையும் எந்திரம் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. தொங்கும் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்தால் போதும். அட்டையை மடித்து வைத்தால் நாளடைவில் அமுங்கிவிடும்.

மேசைக்கு மேல் என்ன வைப்பது என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. வெளிநாடுகளில் நடைபாதைக்குப் போடும் சிமெண்ட் பலகையை வாங்கி அதன்மேல் பிரிண்டரை வைப்பார்கள். நமக்குக் கடப்பா கல் இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி, 20 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 20 கிலோ வரும். எந்திரம் 8 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 28 கிலோ. முக்கால் கிலோ தட்டு முன்னும் பின்னும் உதைக்கும்போது, உதை வாங்கும் எடை மூன்று மடங்குக்குமேல் கூடிவிட்டதால், எந்திரத்தின் உடம்பு ஆடும் அளவும் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கும். கல் வளையாது என்பதால் முறுக்குப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேசையின் கால்கள் அந்த எடையைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு அடியில் ஒரு கெட்டியான ஸ்பாஞ்சு விரித்தால் இரைச்சல் நன்றாகக் குறையும். வரிசைதான் முக்கியம்: கீழே ஸ்பாஞ்சு, அதன்மேல் கல், கல்மேல் நேரடியாக எந்திரம். சிலர் ஸ்பாஞ்சை எந்திரத்தின் கால்களுக்கு அடியிலேயே வைத்துவிடுகிறார்கள். சத்தம் குறைவது உண்மை. ஆனால் எந்திரம் தனியாகத் தலையாட்டத் தொடங்கும். உயரமான பொருள் அச்சிடும்போது, மேலே போகப்போக அந்தத் தலையாட்டம் பெரிதாகும். ஒரு கிலோ பிளாஸ்டிக் சுருளை எந்திரத்தின் உச்சியில் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அதை இறக்கிப் பக்கத்தில் தனியாக நிறுத்துவது நல்லது.

தரை எப்படி? கான்கிரீட் தளமும் டைல்ஸும் உள்ள நம் வீடுகளில் தரை வளைவதைப் பற்றி அனேகமாகக் கவலை வேண்டாம். மரச்சட்டங்களின்மேல் பலகை அடித்த தளம்தான் சிக்கல். அமெரிக்கா, கனடா வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இங்கேயும் கடைகளில் இரும்புச் சட்டம் போட்டு மேலே ஒட்டுப்பலகை விரித்த பரண் தளங்கள் உண்டு. அங்கே ஒருவர் நடந்தால் தளம் அமுங்கி எழும். சுவரில் அதன் அடையாளம் வேறு மாதிரி: மூலைக்குப் பக்கத்தில் என்றில்லாமல், எங்கோ ஓர் உயரத்தில், எங்கோ ஓர் இடத்தில் தனியாக ஒரு தழும்பு. அதே பொருளை மறுபடி அச்சிட்டால் அதே இடத்தில் வராது. தளம் மிக அதிகமாக வளைவது இரண்டு தாங்கிகளுக்கு நடுவில். தாங்கி இருக்கும் இடத்தில் அனேகமாக வளையாது. ஆகவே மேசையை அறையின் நடுவிலிருந்து எடுத்து, சட்டங்கள் போய் உட்காரும் சுவரை ஒட்டிப் போட்டாலே பெரும்பகுதி தீரும்.

மேசையைச் சுவரோரம் கொண்டுபோனதும், அதன் பின்சட்டத்தைச் சுவரோடு இரண்டு திருகாணியால் பிணைத்துவிடுங்கள். பிணைக்க முடியாத வாடகை வீடு என்றால், மேசையைக் கையால் இரண்டு திசையிலும் தள்ளிப் பாருங்கள். அது குறைவாக ஆடும் திசையில் தட்டு ஓடும்படி எந்திரத்தைத் திருப்பி வையுங்கள். தட்டு முழுதாகப் பின்னால் போகும்போது அதுவோ அதன் வயரோ சுவரில் இடிக்காத அளவுக்கு இடம் விட வேண்டும். இடித்தால் அடுத்த அடுக்கு மொத்தமும் தள்ளி அச்சாகும். மின்விசிறிக்கு நேர்கீழேயும் ஏ.சி. காற்று அடிக்கும் இடத்திலும் வேண்டாம், பொருளின் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

புதிய எந்திரங்களில் இன்புட் ஷேப்பிங் என்ற வசதி இருக்கிறது. எந்திரம் தன் துடிப்பைத் தானே அளந்து, அந்தத் துடிப்பைத் தூண்டாதபடி அசைவுகளைத் திருத்திக்கொள்கிறது. நெருக்கமான வரிகள் இதில் பெருமளவு மறைந்துவிடும். ஆனால் அந்த அளவீடு எந்திரம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஆடும் மேசையில் வைத்து அளந்துவிட்டு, பிறகு கல்லுக்கு மாற்றினால் பழைய கணக்கு பொருந்தாது. ஆகவே முதலில் இடத்தை முடிவு செய்து, கல்லைப் போட்டு, கால்களைச் சமப்படுத்துங்கள். தட்டின் உயர அளவீட்டையும் துடிப்பு அளவீட்டையும் அதற்குப் பிறகு எடுங்கள். எந்திரத்தை ஒரு முழம் நகர்த்தினாலும் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும்.