46 கிலோ இருக்கு... ஆனாலும் ஏர்போர்ட்டில் ஏன் பணம் கேட்கிறார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகும் வழியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு லண்டனில் எம்.எஸ்ஸி. சீட் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 21-ல் வகுப்பு. விசா இன்னும் வரவில்லை. குடும்பத்தில் முதல் விமானப் பயணம் இவளுடையதுதான்.

ஏர் இந்தியா உட்பட சில நிறுவனங்கள் மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. கூடுதல் லக்கேஜும், ஒருமுறை இலவசத் தேதி மாற்றமும் இதில் உண்டு. விசா எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'இலவசம்' என்ற வார்த்தையில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

இலவசம் என்பது மாற்றுவதற்கான கட்டணத்துக்கு மட்டும்தான். உதாரணமாக, செப்டம்பர் 10-ம் தேதிக்கு 42,000 ரூபாயில் டிக்கெட் எடுத்திருக்கிறாள். விசா தாமதமாகி 17-ம் தேதிக்கு மாற்றப் போகும்போது அன்றைய டிக்கெட் 55,000 ரூபாய் என்றால், வித்தியாசம் 13,000 ரூபாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதையும் விமானம் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் போகாமல் இருந்துவிட்டால் 'நோ ஷோ' ஆகிவிடும். சலுகையும் போய், அபராதமும் வரலாம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால், வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே உள்ளே போகலாம். எனவே முதல் தேதியைக் கொஞ்சம் தள்ளியே போடுவது நல்லது.

அடுத்தது பெட்டி. இ-டிக்கெட்டில் லக்கேஜ் என்ற இடத்தில் `2PC` என்று இருந்தால் இரண்டு பெட்டி என்று அர்த்தம். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ. ஒன்றில் 26, இன்னொன்றில் 20 என்று கட்டினால் மொத்தம் 46 சரிதான். ஆனாலும் அந்த 26 கிலோ பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். `40K` என்று இருந்தால் மொத்த எடைதான் கணக்கு, பெட்டிகளுக்குள் பிரித்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏஜென்ட் வாயால் சொல்லும் கிலோவை நம்ப வேண்டாம், டிக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் எடுப்பதுதான் இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு. உள்நாட்டு விமானத்தில் வழக்கமாக 15 கிலோதான் அனுமதி. மீதி 31 கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். தேதி மாறினால் இந்த டிக்கெட்டைத் தனியாக மாற்ற வேண்டும். மதுரையிலிருந்து லண்டன் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் வெளிநாட்டு லக்கேஜ் கணக்கே முழுப் பயணத்துக்கும் பொருந்தும். அது கட்டுப்படியாகாவிட்டால் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ இலவசம். வழியனுப்ப அப்பாவும் கூட வந்தால் 80 கிலோ.

ஆச்சி ஆசையாக வாங்கி வைத்த இரண்டு கிலோ பால்கோவாவை மட்டும் பெட்டியில் வைக்க முடியாது. இந்தியாவிலிருந்து பால் பொருட்களைக் கொண்டுவர பிரிட்டன் அனுமதிப்பதில்லை. ரயிலிலேயே சாப்பிட்டுவிட வேண்டியதுதான்!