கரையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சேலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பச்சை உடல், அரக்குக் கரை, கரையோரம் உடலுக்குள் நீளும் கோபுரப் பற்கள், முந்தி நிறைய அன்னம். கீழே எழுதியிருக்கிறது: “காஞ்சிபுரம் கைத்தறி, சுத்தப் பட்டு, அசல் ஜரிகை, கோர்வை. 6,500 ரூபாய் மட்டும்.”

கோர்வை, கைத்தறி, காஞ்சிபுரம், அசல் ஜரிகை என்று அந்த ஒரு வரியில் இருப்பவை தனித்தனிப் பேச்சுகள். ஒன்று உண்மையாக இருந்து மற்றொன்று பொய்யாக இருக்கலாம். இவற்றில் படத்தை வைத்தே தீர்க்கக்கூடியது கோர்வைதான். அதனால் முதலில் அதைப் பார்ப்பதே நல்லது.

சாதாரணமாக ஒரு சேலையில் ஊடை நூல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஓட்டமாக ஓடும். கோர்வையில் அப்படி ஓடாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று என மூன்று நாடா ஓடும். பச்சை ஊடை கரை தொடங்கும் இடம்வரை வந்து, அங்கே அரக்கு ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். இதற்காகத்தான் நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுப்பது வழக்கம். பல வீடுகளில் அது மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கும்.

இதனால் படத்தில் என்ன தெரியும்? கோர்வைக் கரையில் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. ஜரிகைக் கோடுகளுக்கு நடுவே தெரியும் பட்டு, கலப்பில்லாத அரக்காக இருக்கும். கோர்வை இல்லாத சேலையில் அரக்குப் பாவின் மேல் பச்சை ஊடை குறுக்கே ஓடுவதால், அந்த இடம் மங்கிப்போய், வெளிச்சம் மாறும்போது பழுப்பும் பச்சையுமாக இரட்டை நிறம் அடிக்கும். படத்தைப் பெரிதாக்கி, கரையில் ஜரிகை இல்லாத ஒரு விரல் அகல இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி பாதி பின்பக்கத்தில் இருக்கிறது. உடலும் கரையும் சேருமிடத்தைத் திருப்பி ஒரு படம் கேளுங்கள். அசல் கோர்வையில் அந்த இடத்தில் இரு நிற நூல்களும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பிய சிறு மேடு ஒன்று நீளவாக்கில் தெரியும். கோபுரப் பற்களும் பின்பக்கத்தில் அதே கோப்போடு இருக்கும். போலியில் பற்கள் வெறும் ஓவியம்தான். பாவு நூலைத் தூக்கிப் போட்டு முன்பக்கம் மட்டும் பல் போலக் காட்டியிருப்பார்கள், பின்னால் பச்சை ஊடை தடையில்லாமல் கரைக்குள் ஓடியிருக்கும்.

கோர்வை இல்லையென்றால் சேலை மட்டம் என்று அர்த்தமில்லை. ஒரே ஊடையில் நெய்த நல்ல கைத்தறிப் பட்டுகள் உண்டு. விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைத்தறியா விசைத்தறியா என்பது இதைவிடக் கடினம். ஒரே ஒரு அடையாளத்தை நம்பலாம்: சேலையின் வெளி ஓரம். ரேப்பியர் தறியில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டப்படுவதால், அங்கே வெட்டிய நூல் நுனிகள் குஞ்சம்போல நிற்கும். கைத்தறியில் ஊடை திரும்பி வளைந்து ஓரம் மூடியிருக்கும். ஆனால் மூடிய ஓரம் கைத்தறிக்குச் சாட்சியாகாது. நாடா ஓடும் விசைத்தறியிலும் ஓரம் மூடியே இருக்கும்.

எந்த ஊர் என்று கேட்டால், படம் ஓரளவுதான் பேசும். விசிறி மடிப்பில் மடித்து வைத்திருந்தால் திருபுவனம் என்று எண்ண இடமுண்டு. எடை குறைவாக இருந்தால் ஆரணி என்று ஊகிக்கலாம். முந்தி தொடங்கும் இடத்தில் பாவின் நிறமே மாறி, ஒரு தடித்த கோடு ஓடினால் அது பிட்னி. உடல் பாவை வெட்டி முந்திப் பாவோடு நூலுக்கு நூல் இணைத்த வேலை. கோர்வையும் பிட்னியும் சேர்ந்திருந்தால் காஞ்சிபுரத்தை நோக்கிக் கை காட்டலாம். அதற்கு மேல், நெய்தவர் யார் என்பதைத் துணி சொல்லாது, காகிதம்தான் சொல்லும். கூட்டுறவுச் சங்கத்தின் சீட்டு, கைத்தறி முத்திரை, புவிசார் குறியீட்டு அடையாளம் ஆகியவற்றின் படத்தையும் கேளுங்கள். சில்க் மார்க் மட்டும் இருந்தால், நூல் சுத்தப் பட்டு என்பதற்கு அது உறுதி. தறியைப் பற்றியோ ஜரிகையைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. விற்பவர்கள் இதை மட்டும் பெரிதாகக் காட்டி மற்றதையெல்லாம் சேர்த்து நம்பவைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஜரிகையின் தரம் படத்தில் தெரியவே தெரியாது. அங்கேதான் விலைக் கணக்கு உதவுகிறது. காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 242 கிராம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. 40 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் தங்கம் என்ற தரத்தை வைத்துக்கொள்வோம். நம் படத்துச் சேலையில் அரை மார்க் போயிருந்தால் வெள்ளி 48 கிராம், தங்கம் 0.6 கிராம். கணக்குக்கு எளிதாக வெள்ளி கிராம் 100 ரூபாய், தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தாலே உலோகம் மட்டும் 10,800 ரூபாய் ஆகிறது. நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். பட்டு அரைக் கிலோ, சாயமும் முறுக்கும் சேர்த்து கிலோ 6,000 என்றால் 3,000 ரூபாய். கோர்வைச் சேலை முடிய எளிய வேலைக்கே பத்து நாள் என்று வையுங்கள்; நெசவாளருக்கு நாளுக்கு 600, துணைக்கு உட்காருபவருக்கு 400 என்றால் 10,000. மூன்றும் சேர்ந்து 23,800 ரூபாய். பாவு ஏற்றும் கூலி, ஜரிகை செய்கூலி, கடை லாபம் சேர்ந்தால் முப்பதாயிரத்தைத் தொடுவது இயல்பு.

இதே சேலையில் வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி ஜரிகை போட்டால் உலோகச் செலவு சில நூறுகளில் முடிந்துவிடும். கைக்கோர்வைக் கூலி அப்படியே நிற்கும். அப்போது 15,000 முதல் 18,000 வரை நியாயம். விசைத்தறியில் பத்து நாள் வேலை ஓரிரு நாளில் முடிவதால் கூலியும் சுருங்கிவிடும். அந்த வகைக்கு 6,500 சரியான விலைதான்.

ஆகவே நம் படத்துச் சேலை என்ன என்பது விலையிலேயே எழுதியிருக்கிறது. 6,500 ரூபாய்க்கு அசல் ஜரிகையின் உலோகத்தைக்கூட வாங்க முடியாது. பின்பக்கப் படம் கேட்டால், பச்சை ஊடை கரைக்குள் ஓடியிருப்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். உடுத்துவதற்கு அழகான சேலையாகவே இருக்கலாம். விசைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்றிருந்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் கரையோடு நெய்யும் பட்டுச் சேலை 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் அப்படி வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகிறார்கள்.

சேலை கைக்கு வந்த பின் முந்திக் குஞ்சத்திலிருந்து ஒரு பட்டு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர வேண்டும். உருகி மணியாக இறுகினால் அது பாலியஸ்டர். ஒரு இழை ஜரிகையைப் பிரித்தால் நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருக்க வேண்டும். மேலே சுரண்டினால் வெண்மை தெரிந்தால் வெள்ளி, செம்மை தெரிந்தால் செம்பு. நூலுக்குப் பதில் பளபளக்கும் தாள்போல் உரிந்தால் அது பிளாஸ்டிக். விலை பெரிதென்றால், எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து உலோக விகிதத்தைப் பார்த்துவிடலாம். சேலைக்குச் சேதம் வராது.

இதையெல்லாம் பணம் அனுப்பிய பிறகு செய்வதைவிட, முன்பே விற்பவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: “அண்ணா, ரசீதில் கைத்தறி, கோர்வை, ஜரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம், சேலை எடை எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா?” உண்மையாக விற்பவர் எழுதித் தருவார். “அதெல்லாம் வழக்கமில்லை” என்று பதில் வந்தால், செம்பு ஜரிகை விசைத்தறிச் சேலைக்கான விலையை மட்டும் பேசுங்கள்.