சுருங்கிய லைனிங் துணி

தையல் வேலையில் உள்ள பிழை பெரும்பாலும் முதல் சலவைக்குப் பிறகுதான் வெளிப்படும். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்குத் தைத்துக் கொடுத்த பாலியெஸ்டர் இரவிக்கை, துவைத்ததும் தையலோரமெல்லாம் சுருக்கம் விழுந்து போயிற்று. மேல்துணி சுருங்கவில்லை, உள்ளே வைத்த பருத்தி லைனிங் சுருங்கி அதையும் இழுத்துவிட்டது. துணிக்கடைக்காரர்மீது பழியைப் போடலாம்தான். ஆனால் நனைக்காமல் வெட்டியது நாங்கள்.

"அக்கா, லைனிங்கை நனைக்காமல் வெட்டிவிட்டோம், பிழை எங்களுடையது" என்றோம். தையலைப் பிரித்து, புது லைனிங் வைத்து, கூலி வாங்காமல் தைத்தோம். திருமணத்திற்கென்று அவசரமாக அவர் வாங்கிய வேறு இரவிக்கையின் விலையையும் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

அதே துணியில் இன்னும் இரண்டு இரவிக்கைகள் போயிருந்தன. வாங்கியவர்கள் இன்னும் துவைக்கவில்லை. வீடு தேடிப் போய் நாங்களே சொன்னோம். அதுதான் கடினமாக இருந்தது.

இப்போது 10 அங்குலத் துண்டை நனைத்து, காயவைத்து, தேய்த்து அளக்கிறோம். அரை அங்குலம் குறைந்தால், 40 அங்குலத்தில் 2 அங்குலம் போய்விடும். அப்படியானால் முழுத் துணியையும் நனைத்த பிறகே வெட்டுகிறோம்.

மூன்று மாதம் கழித்து அக்கா புதுத் துணியோடு வந்தார். "லைனிங்கை நனைத்தாயிற்றா?" என்றுதான் முதலில் கேட்டார். கொடியில் காய்ந்ததைக் காட்டினோம்.